கொழிஞ்சாம்பாறை வீட்டுப் படிக்கட்டு: ஒரு போட்டோவை வைத்து அளந்த கதை

கேட்டது ஒரே ஒரு எண். ஹாலில் ஓடும் மாடிப்படியில், 11-ஆவது படியின் முகத்துக்கு நேர் கீழே, தரையிலிருந்து கான்கிரீட்டின் அடிப்பாகம் வரை எத்தனை அங்குலம்?

எங்கள் பட்டறை பொள்ளாச்சியில். வீடு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளத்துக்குள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் தமிழ்தான் பேச்சு, ரேஷன் கார்டு மட்டும் மலையாளம். வீட்டில் இருப்பது எழுபது வயது அம்மா ஒருவர். மகள் வளைகுடாவில் நர்ஸ். படிக்குக் கீழே பிளைவுட்டில் அலமாரி அடித்து, அதற்குள் அம்மாவுக்கு ஒரு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜும் நிற்கும்படி இடம் விடவேண்டும் என்பது வேலை. மகள் இரண்டு ஃபிரிட்ஜ் பார்த்து வைத்திருந்தார். ஒன்று 53 அங்குல உயரம், மற்றது 55. பெரியதன்மேல்தான் அவருக்கு ஆசை. தள்ளுபடி அன்று ராத்திரியோடு முடிகிறது.

"அண்ணா, போட்டோ அனுப்பறேன், எது நிக்கும்னு மட்டும் சொல்லுங்க. வேலைக்கு அடுத்த வாரம் வந்து அளந்துக்குங்க."

ஃபிரிட்ஜின் தலைக்கு மேல் 2 அங்குலம் காற்றுக்கு, முக்கால் அங்குலம் பிளைவுட்டுக்கு. ஆக 53-க்கு 55¾ வேண்டும், 55-க்கு 57¾ வேண்டும். இடத்தை வலப்பக்கம் தள்ளினால் உயரம் தானாகக் கிடைக்கும். ஆனால் அங்கே இன்வெர்ட்டரும் பேட்டரியும் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றை நகர்த்தக்கூடாது என்பது உத்தரவு. அதனால் ஃபிரிட்ஜின் இடது ஓரம் 11-ஆவது படிக்குக் கீழே வந்துதான் ஆகவேண்டும். இரண்டு அங்குலத்தில் நிற்கிற கேள்வி இது.

முதலில் வந்த போட்டோவைத் தூக்கிப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தது. ஹால் முழுக்கத் தெரியட்டும் என்று 0.5x வைத்து, போனை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்திருந்தான். கதவின் நிலைக்கால் இரண்டும் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கின. அப்படி நெருங்கினால், கதவின் கீழ்ப்பாதியில் ஒரு அங்குலத்துக்கு உள்ள பிக்சலும் மேல்பாதியில் உள்ளதும் வேறு வேறு. அதை வைத்துக் கூரையை அளந்தால் குட்டையாக வரும். அகலக் கோண லென்ஸ் ஓரங்களில் நேர்கோட்டை வளைத்தும் விடும். அவற்றைக் கணக்குப் போட்டுத் திருத்தலாம்தான். ஆனால் பையனை இன்னொரு போட்டோ எடுக்கச் சொல்வது அதைவிடச் சுலபம்.

"தம்பி, எதிர்ச் சுவர்ல முதுக ஒட்டி நின்னுக்கோ. போன நெஞ்சுக்கு நேரா, சாய்க்காம புடி. 1x-லயே எடு. படம் முழுசும் வரலைன்னாலும் பரவால்ல."

இரண்டாவது படம் நன்றாக இருந்தது. 4000க்கு 3000 பிக்சல். கதவு, சுவிட்ச் போர்டு, படிக்கட்டு மூன்றும் விழுந்திருந்தன. பையனுக்கு எதிரே உள்ள சுவரில் இடது ஓரம் கதவு, அதை அடுத்து சுவிட்ச் போர்டு, அதற்கு வலப்பக்கம் சுவரோடு ஒட்டி இடமிருந்து வலமாக ஏறும் படிக்கட்டு. மேல்படிகள் வலது ஓரத்தில் படத்துக்கு வெளியே போய்விட்டன. அதற்கான விலையைக் கடைசியில் கொடுத்தேன்.

படத்தை நம்பலாமா என்று பார்க்க, கதவின் இடது நிலைக்காலையும் வலது நிலைக்காலையும் தனித்தனியாக அளந்தேன். இடது 1369 பிக்சல், வலது 1365. பையன் சற்றே திரும்பி நின்றிருந்தால் கேமராவுக்குக் கிட்டே உள்ள கால் நீளமாகவும் எட்ட உள்ளது குட்டையாகவும் வந்திருக்கும். நாலு பிக்சல் வித்தியாசம் கர்சர் வைக்கும் பிசகு. ஆக, சுவருக்கு நேராகத்தான் நின்றிருக்கிறான். இது உறுதியாகிவிட்டால் ஒரு வசதி கிடைக்கிறது. அந்தச் சுவரில் எந்த மூலையில் இருக்கும் பொருளுக்கும் ஒரே அளவுகோல் செல்லும். ஓரத்தில் இருப்பது கேமராவிலிருந்து எட்டத்தில்தானே, சிறிதாகத் தெரியாதா என்று என் மேஸ்திரி கேட்டார். நேராக எடுத்த சாதாரண லென்ஸ் படத்தில் தெரியாது. சுவரும் கேமராவின் சென்சாரும் இணையாக இருக்கும்வரை சுவரின் படம் அப்படியே சுருங்கிய சுவர்தான்.

கதவுக்கு 7 அடி என்று வைத்தேன். நம் பக்கம் கான்கிரீட் வீடுகளில் 7க்கு 3 என்றால் அது நிலையின் வெளி அளவு, கதவுப் பலகையின் அளவு அல்ல. மேல் நிலைக்கட்டையைக் கழித்தால் பலகை 6 அடி 9 அங்குலம் போலத்தான் இருக்கும். போட்டோவில் எந்த ஓரத்திலிருந்து அளக்கிறோம் என்பதில் கவனம் தப்பினால் அங்கேயே மூன்று அங்குலம் போய்விடும். நான் நிலையின் வெளி ஓரத்தைப் பிடித்தேன். லிண்டலை 7 அடியில் போடுவது வழக்கம் என்பதால், பக்கத்து ஜன்னலின் தலையும் நிலையின் தலையும் ஒரே கோட்டில் நின்றால் அந்த 7 அடிக்குக் கொஞ்சம் தெம்பு கூடும். இங்கே நின்றது.

ஓட்டு வீடாக இருந்திருந்தால் இந்த வேலையில் இறங்கியே இருக்கமாட்டேன். பழைய கேரளத் தச்சுமுறையில் வீடு கோல் கணக்கில் எழும். ஒரு கோல் 24 விரல், ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஆசாரி சுற்றளவு பொருத்தம் பார்த்துத்தான் வாசலின் அளவை நிச்சயிப்பார். அங்கே போய் 7 அடி நிலையைத் தேடினால் கிடைக்காது, குனிந்துதான் உள்ளே போகவேண்டியிருக்கும்.

சராசரி 1367 பிக்சலை 84 அங்குலத்தால் வகுத்தால், அங்குலத்துக்கு 16.27 பிக்சல். அதே சுவரில் தரையிலிருந்து கூரை வரை 1950 பிக்சல். வகுத்துப் பார்த்தால் 119.9 அங்குலம். அதாவது பத்து அடி, சுத்தமாக. இப்படி வட்டமான எண் வந்து விழுந்தால் மனசு அதோடு சமாதானம் ஆகிவிடும். என்னுடையதும் ஆனது.

அதே வேகத்தில், 11-ஆவது படிக்குக் கீழ் உள்ள உயரத்தையும் எடுத்தேன். தரையிலிருந்து கான்கிரீட் அடி வரை 1187 பிக்சல். 16.27-ஆல் வகுத்தால் 73 அங்குலம். இரண்டு ஃபிரிட்ஜும் தாராளமாக நிற்கும்!

அது தப்பு என்று சொன்னது படிதான். ஒரு படியின் உயரம் 135 பிக்சல். அதே அளவுகோலில் 8.3 அங்குலம். வீட்டுப் படிகளுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அனுமதிக்கும் அதிகபட்ச உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். நம் கொத்தனார்கள் 6-க்கும் 7-க்கும் இடையில்தான் வைப்பார்கள். 8.3 அங்குலப் படியில் எழுபது வயது அம்மா தினமும் ஏறி மொட்டைமாடியில் வற்றல் காயப்போட முடியாது.

காரணம் எளிது. கதவு சுவரில் இருக்கிறது. படிக்கட்டின் வெளிமுகமோ சுவரிலிருந்து மூன்று அடி முன்னால், கேமராவுக்குக் கிட்டே நிற்கிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். சுவரின் அளவுகோலைக் கொண்டுபோய்ப் படிமுகத்தில் வைத்தால் எல்லாமே ஊதிப்போகும். போட்டோவில் கதவை வைத்து அளப்பவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் பெரியது என்பது என் அனுபவம். அரை அங்குலம் ஒரு அங்குலம் அல்ல, இங்கே பதினாறு அங்குலம் பிசகியது.

சரி, சுவரின் அளவுகோலைப் படிமுகத்துக்கு எப்படி நகர்த்துவது?

கொத்தனார்களின் ட்யூப் லெவலை நினைத்துக்கொள்ளுங்கள். ட்யூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு சுவரில் வைத்த மட்டத்தை எதிர்ச் சுவருக்கும் தூணுக்கும் கொண்டுபோவார்கள். எங்கே வைத்தாலும் தரையிலிருந்து ஒரே உயரம். போட்டோவுக்குள்ளும் அப்படி ஒரு மட்டக்கோடு ஒளிந்திருக்கிறது. கேமராவின் லென்ஸ் உயரம் வரை அந்த ஹாலில் தண்ணீர் நிரம்பியதாக வைத்துக்கொண்டால், தண்ணீரின் மேல்பரப்பு லென்ஸுக்கு ஒரு கோடாக மட்டுமே தெரியும். அந்தக் கோடு கதவை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதே உயரத்தில்தான் படிக்கட்டையும் இன்வெர்ட்டரையும் முன்னால் கிடக்கும் நாற்காலியையும் வெட்டும். கிட்டே, எட்டே என்ற பேதம் அதற்குக் கிடையாது.

கோட்டைக் கண்டுபிடிக்கத் தரையின் டைல்ஸ் இணைப்புகள் போதும். கேமராவிலிருந்து சுவரை நோக்கி ஓடும் இணைப்புகள் நிஜத்தில் இணையானவை, படத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் கூடும். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் நீட்டினேன், ஓர் இடத்தில் சந்தித்தன. மூன்றாவதையும் நீட்டிப் பார்த்தேன், ஆறேழு பிக்சல் விலகலில் அங்கேயே வந்தது. அந்தப் புள்ளி வழியாகக் கிடைமட்டமாக ஒரு கோடு போட்டால் அதுதான் மட்டக்கோடு. ஒரே படத்தை வைத்து அளவெடுக்கும் இந்த வழியை 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிரிமினிசி, ரீட், சிசர்மன் மூவரும் கணித ஒழுங்கில் எழுதி வைத்தார்கள். சாய்ந்த படங்களுக்கும் அது செல்லும். படம் நேராக இருந்தால் பட்டறைக் கணக்கே போதும்.

கதவின் அடியிலிருந்து மட்டக்கோடு வரை 900 பிக்சல். கதவு முழுக்க 1367. ஆக:

```
கேமரா உயரம் = 900 ÷ 1367 × 84 = 55.3 அங்குலம்
```

படிமுகம் தரையைத் தொடும் இடத்திலிருந்து அதே கோடு வரை 1125 பிக்சல். அதுவும் 55.3 அங்குலம்தான். எனவே படிமுகத்தில் அங்குலத்துக்கு 1125 ÷ 55.3, அதாவது 20.34 பிக்சல்.

இந்தப் புது அளவுகோலில் 11-ஆவது படிக்குக் கீழ் 1187 ÷ 20.34 = 58.4 அங்குலம். பெரிய ஃபிரிட்ஜுக்கு 57¾ போதும். முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம்.

படியையும் மறுபடி அளந்தேன். ஒற்றைப் படியை அளந்தால் இரண்டு பிக்சல் பிசகே கண்ணில் உறுத்தும். முதல் படியின் மேல்தளத்திலிருந்து 11-ஆவதின் மேல்தளம் வரை பத்து உயரங்களைச் சேர்த்து அளந்து பத்தால் வகுப்பது நல்லது. 1354 பிக்சல் வந்தது, ஒரு படிக்கு 6.66 அங்குலம். மிதி அகலமும் அப்படியே, பத்துக்கும் சேர்த்து 2083 பிக்சல், ஒன்றுக்கு 10.24. இரண்டுமே நம்பும்படியான எண்கள்தான். பத்து அடியைப் பதினெட்டாகப் பிரித்தால் 6.66 வரும், அப்படிப் பிரிக்கிற கொத்தனார்கள் உண்டு. கூரை வேறு பத்து அடி என்று சொல்லியிருக்கிறது. "பெரியதே வாங்கிக்குங்க" என்று மெசேஜ் டைப் செய்துவிட்டேன். அனுப்பவில்லை.

உறுத்தியது சுவிட்ச் போர்டு. பழைய மாதிரி போர்டு அது. மரப்பெட்டி மேல் சன்மைக்கா, அதில் பியானோ சுவிட்ச் வரிசை. அந்தக் காலத்துப் போர்டுகள் கடையில் முழு அங்குலக் கணக்கில்தான் கிடைத்தன. இது பார்வைக்கு 8க்கு 10. படத்தில் உயரம் 167 பிக்சல். சுவரின் அளவுகோலில் வகுத்தால் 10.26 அங்குலம். கால் அங்குலம் எங்கிருந்து வந்தது?

போர்டு சிறியது என்பதால் அதை அவ்வளவு நம்பவும் முடியாது. ஓரம் மங்கலாக இருந்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பிக்சல் பிசகும். 167-இல் நாலு என்றால் நூற்றுக்கு இரண்டுக்கு மேல். கதவில் அதே நாலு பிக்சல் நூற்றுக்குக் கால்தான். அதனால்தான் கதவை அளவுகோலாகவும் போர்டைச் சாட்சியாகவும் வைத்துக்கொள்கிறேன். சாட்சி முணுமுணுத்தால் வழக்கை அப்படியே தள்ளுபடி செய்துவிட முடியாது. மாடுலர் சுவிட்சாக இருந்தால் சாட்சி இன்னும் பலவீனம், ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியின் பிளேட்டும் ஒரு அளவு. வெளிநாட்டுப் பட்டியல்களில் காணும் 86 மில்லிமீட்டர் சதுர பிளேட்டை நம் ஊர்ச் சுவரில் எதிர்பார்க்கவும் கூடாது. தரையிலிருந்து போர்டு எத்தனை உயரம் என்பதை அளவுகோலாக நான் எடுப்பதே இல்லை. அது எலக்ட்ரீஷியனின் தோள் உயரம்.

படத்தைப் பெரிதாக்கி மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது முதல் படி. மற்ற எல்லாப் படியும் 135 பிக்சல் இருக்க, அது மட்டும் 94. எண்ணிப் பார்த்தபோது முதல் படியை மற்றவற்றோடு சேர்க்காமல் விட்டது நல்ல பழக்கம்தான், ஆனால் விட்டதை ஏன் விட்டோம் என்று நின்று பார்க்கவில்லை. படிகள் சிவப்பு, பழைய ரெட் ஆக்சைடு. தரை வெள்ளை, புது டைல்ஸ்.

41 பிக்சல் குறைவு. படிமுகத்தின் அளவுகோலில் இரண்டு அங்குலம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கம்மா, ஹால்ல டைல்ஸ் போடறப்ப பழைய தரைய ஒடச்சுட்டுப் போட்டாங்களா, மேலயே போட்டாங்களா?"

"ஒடைக்கறதுக்குத் தனியா கூலி கேட்டாங்க கண்ணு. அதுக்கு மேலயே கலவ போட்டு ஒட்டிட்டாங்க. கதவு தரையில முட்டுச்சுனு ஆசாரியக் கூப்ட்டு அடியில அறுத்தும் உட்டாச்சு."

அந்த 'அறுத்து' என்ற வார்த்தையோடு கணக்கு முழுக்க மாறிவிட்டது. நிலை 7 அடிதான், ஆனால் பழைய தரையிலிருந்து. அதில் இரண்டு அங்குலம் கலவைக்கும் டைல்ஸுக்கும் அடியில் புதைந்திருக்கிறது. படத்தில் தெரிவது 82 அங்குலம். நான் 82 அங்குலக் குச்சியை 84 என்று எழுதி வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

மறுபடி போட்டேன். கதவில் 1367 ÷ 82 = 16.67 பிக்சல். கேமரா உயரம் 900 ÷ 16.67 = 54 அங்குலம், நெஞ்சு உயரத்தில் பிடித்த பையனுக்குப் பொருத்தம். படிமுகத்தில் 1125 ÷ 54 = 20.83. இப்போது சுவிட்ச் போர்டு 167 ÷ 16.67 = 10 அங்குலம், சாட்சியும் வாய் மூடியது. படி உயரம் ஆறரை, மிதி அகலம் பத்து. ஆறரைக்குப் பத்து என்று கொத்தனார் வாயாலேயே சொல்லும் அளவு. 6.66-ம் 10.24-ம் தனித்தனியாகப் பார்த்தால் தப்பில்லைதான். ஆனால் மூன்று பொருளும் ஒரே நேரத்தில் முழு எண்ணை நோக்கி நகர்ந்தால் அளவுகோல் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூரை மட்டும் அசிங்கமாகிவிட்டது. 1950 ÷ 16.67 = 117 அங்குலம், 9 அடி 9. பழைய தரையிலிருந்து பார்த்தால் 119, பத்து அடியில் கூரைப் பூச்சையும் தரைப் பூச்சையும் கழித்த மிச்சம். முதலில் வந்த சுத்தமான பத்து அடிதான் பொய். எல்லா வட்ட எண்ணும் சரி என்று இருந்தால் இந்த வேலை எவ்வளவு லேசாக இருக்கும்!

11-ஆவது படிக்குக் கீழ் 1187 ÷ 20.83 = 57 அங்குலம். இதைப் படிக்கட்டின் அமைப்பிலிருந்தும் சரிபார்க்கலாம். முதல் படி நாலரை, அடுத்த ஒன்பது படி ஆறரை வீதம் ஐம்பத்தெட்டரை, ஆக பத்தாவது படியின் மேல்தளம் 63 அங்குலம். அந்த மேல்தளம் 11-ஆவது படியின் முகத்தைத் தொடும் மூலைக்குக் கீழேதான் சாய்ந்த ஸ்லாப் ஓடுகிறது. ஸ்லாப் 5 அங்குலக் கனம் என்றால், சாய்வில் இருப்பதால் செங்குத்தாக அளக்க ஏறத்தாழ 6 வரும். 63-இல் 6 போனால் 57. ஸ்லாப்பின் கனம் என் ஊகம்தான் என்பதால் இதைத் தனி ஆதாரமாக எண்ணவில்லை. அரை அங்குலம் இப்படி அப்படி இருக்கலாம். ஆனால் 58.4 வரவேண்டும் என்றால் ஸ்லாப் நாலு அங்குலக் கனத்துக்கும் கீழே இறங்கவேண்டும், வீட்டுப் படிக்கு அது மெல்லிசு.

55 அங்குல ஃபிரிட்ஜுக்கு 57¾ வேண்டும். இருப்பது 57. டைப் செய்து வைத்த மெசேஜை அழித்துவிட்டு மகளுக்குப் போனிலேயே சொன்னேன்.

"சின்னதையே போடுங்கம்மா. பெருசு நிக்காது."

"போட்டோவப் பாத்தா நெறைய எடம் இருக்கற மாதிரி இருக்குதுங்கண்ணா?"

"படி முன்னாடி தள்ளி நிக்குது, அதனால அப்படித் தெரியுது."

53 வாங்கினார்கள்.

அடுத்த வாரம் டேப்போடு போனேன். 11-ஆவது படிக்குக் கீழ் வெளி ஓரத்தில் 56¾, சுவர்ப் பக்கம் 56½. பூச்சு உள்பக்கம் கொஞ்சம் தடித்திருந்தது. சின்ன ஃபிரிட்ஜுக்கு வேண்டிய 55¾-க்கு உள்பக்கமே முக்கால் அங்குலம் மிச்சம். படி உயரங்கள் 6⅜-லிருந்து 6¾ வரை ஆடின, சராசரி ஆறரை. நிலையின் தலை புதுத் தரையிலிருந்து 82. போர்டு 8க்கு 10.

இந்த அளவில் பிழை கால் அங்குலம், அதிகபட்சம் அரை. எதை வாங்குவது, உத்தேச விலை எவ்வளவு, ஷீட் எத்தனை ஆகும் என்பதற்கு இது போதும். பிளைவுட்டை அறுக்க இது போதாது. அறுப்பதற்கு டேப்தான், அதிலும் முன்பின் இரண்டு இடத்தில் வைத்து.

பிசகிய ஒன்றையும் சொல்லவேண்டும். இன்வெர்ட்டருக்கு மேலே ஒரு ஷெல்ஃப் கேட்டிருந்தார்கள். இன்வெர்ட்டரின் இடது ஓரத்திலிருந்து வலச் சுவர் வரை எவ்வளவு என்று படத்தில் தெரியவில்லை, வலச் சுவரே படத்தில் இல்லை. மேல்தளம் வரை மொத்த உயரத்தை ஆறரையால் வகுத்தேன். பழைய தரையிலிருந்து கூரை 119, ஸ்லாப் நாலரை, ஆக 123½, சரியாக 19 படி. 19 உயரத்துக்கு இடையில் 18 மிதி, 180 அங்குலம். முதல் படியிலிருந்து இன்வெர்ட்டரின் ஓரம் 138. மிச்சம் 42 அங்குலம் என்று கொட்டேஷனில் எழுதினேன்.

போய்ப் பார்த்தால் 28. படிகள் 19 என்பது சரிதான். ஆனால் 14-ஆவதிலிருந்து மூன்று படிகள் மூலையில் விசிறிப் படியாகத் திரும்பி, மிச்சம் பக்கச் சுவரை ஒட்டி ஹாலுக்குள் வருகின்றன. படத்தின் வலது ஓரம் அந்தத் திருப்பம் தெரியத் தொடங்கும் இடத்தில்தான் வெட்டுப்பட்டிருந்தது. 14-ஆவது படியின் மேல் விளிம்பு லேசாகச் சரிந்து போவது, இப்போது பார்த்தால், படத்திலேயே தெரிகிறது. அன்றைக்கு அதை லென்ஸ் ஓரத்துக் கோணல் என்று நினைத்துவிட்டேன். நல்லவேளையாக ஷெல்ஃபுக்கு இன்னும் மரம் அறுக்கவில்லை. கொட்டேஷன் கொஞ்சம் குறைந்தது, அம்மா அதற்காக மோர் கொடுத்தார்.

இப்போது இப்படிப் போட்டோ கேட்கும்போது கூடவே ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீடு என்றால் ஒரு ஏ4 தாளை, 297க்கு 210 மில்லிமீட்டர், எந்த முகத்தை அளக்கவேண்டுமோ அந்த முகத்திலேயே செலோடேப் போட்டு ஒட்டச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறை வீட்டில் அன்றைக்கு ஒட்டியிருந்தால் படிமுகத்துக்கு நேரடியாக ஒரு சாட்சி கிடைத்திருக்கும், மட்டக்கோட்டைத் தேடி டைல்ஸ் இணைப்புகளை நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாள் சின்னது என்பதால் அதை மட்டும் நம்பமாட்டேன், கதவும் படத்தில் இருக்கவேண்டும். முதல் படியும் தரையைத் தொடும் இடத்தோடு தெளிவாக விழவேண்டும் என்று தனியாகச் சொல்லிவிடுகிறேன்.